வண்டியை எடுப்பது முதல் பில் வரை: சர்வீஸ் சென்டர் பேச வேண்டிய நான்கு விஷயங்கள்

வேலைக்குப் போகிறவர் சர்வீஸ் சென்டரில் காத்திருக்க முடியாது. அதனால் முன்பதிவு செய்யும்போதே நான்கு விஷயங்களை இந்த வரிசையில் சொல்லும்படி சர்வீஸ் அட்வைசரின் பேச்சு அமைய வேண்டும்: வண்டியை எடுப்பது, சோதிப்பது, திருப்பித் தருவது, கட்டணம்.

முதலில் வண்டியை எடுப்பது. "சார், காலைல எட்டு மணிக்கு எங்க ஆள் வீட்டுக்கு வருவார். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, கீறல் எல்லாத்தையும் உங்க முன்னாடியே போட்டோ எடுத்து ஜாப் கார்டுல எழுதிடுவார். சீட்டுக்கு அடியில இருக்கிற பொருளை எடுத்து வெச்சிடுங்க." புதுக் கீறல் யாரால் வந்தது என்ற சச்சரவைத் தீர்க்க இந்தப் படங்களே சாட்சி.

அடுத்தது சோதனை. எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக், டயர் காற்று, பேட்டரி, விளக்குகள் ஆகியவை பட்டியலில் இருக்கும். எதைப் பார்த்தார்கள் என்பதோடு, என்ன நிலையில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். உதாரணமாக, டிரம் பிரேக் உள்ள பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தின் அருகே சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அது எதிரே உள்ள குறியைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன் படத்தை அனுப்பினால் செலவுக்கான காரணம் உரிமையாளருக்கே புரியும்.

மூன்றாவது, நேரம். சாதாரண சர்வீஸ் சில மணி நேர வேலைதான். தாமதம் பெரும்பாலும் கூடுதல் வேலைக்கு ஒப்புதல் கிடைக்காததால் வருகிறது. மெக்கானிக் பழுதைக் கண்டு அழைக்கும்போது உரிமையாளர் மீட்டிங்கில் இருப்பார். வண்டி லிஃப்டிலேயே நிற்கும். ஆகவே, "பதினொரு மணிக்குள்ள போன் வரும். எடுக்க முடியலைன்னா எவ்வளவு ரூபாய் வரைக்கும் நாங்களே செய்யலாம்?" என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பாகம் கையிருப்பில் இல்லையென்றால் மாலைக்குள் தருவதாகச் சொல்லக் கூடாது.

கடைசியாகக் கட்டணம். லேபருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியே சேரும். உதிரிபாகத்தின் எம்ஆர்பியில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும். உதாரணக் கணக்கு ஒன்று: லேபர் 500 ரூபாய், வரி 90, ஆயில் 380. மொத்தம் 970. பிரேக் ஷூவும் மாற்றினால் பாகம் 220, மாட்டும் கூலி வரியோடு 118 கூடி 1,308 ஆகும். "500 ரூபாய் சர்வீஸ்" என்று மட்டும் கேட்டிருந்தவருக்கு இந்த பில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். "வரியோட 970. கூடுதல் வேலைன்னா கேட்டுட்டுத்தான் செய்வோம். கழட்டின பழைய பாகத்தையும் கையில கொடுத்திடுவோம்" என்று சொல்லிவிட்டால், வண்டியைத் திரும்ப வாங்கும்போது பில்லை ஜாப் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கட்டலாம்.