மின்கம்பி அறுபடாமல் தெரிய என்ன விலை?

ஜிடிஏ 5 விளையாடியவர்களுக்கு லாஸ் சாண்டோஸ் நகரத்தைத் தாண்டி வடக்கே போகும் நெடுஞ்சாலை நினைவிருக்கும். சாலையோரம் வரிசையாக மின்கம்பங்கள், அவற்றுக்கு நடுவே தொங்கும் கம்பிகள், சற்றுத் தள்ளிக் கம்பிவேலி. 24 அங்குல, 1920x1080 மானிட்டரில் காரை ஓட்டிப் பார்த்தால் அந்தக் கம்பிகள் அங்கங்கே அறுந்து அறுந்து ஒட்டும். வேலி மினுமினுக்கும். கட்டடங்களின் சாய்வான விளிம்புகள் பல்பல்லாக வெட்டுப்பட்டுத் தெரியும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்து, நிழல், வெளிச்சம், தூரக்காட்சி எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தாலும் இந்தக் குறை முழுதாகப் போகாது.

புது மானிட்டர் வாங்காமலே இதைப் பெருமளவு சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மானிட்டரில் இருப்பதைவிட அதிகமான பிக்சல்களில் காட்சியை வரையச் சொல்லி, பிறகு அதை மானிட்டரின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுவது. இதற்கு சூப்பர்சாம்பிளிங் என்று பெயர். பலன் கண்ணுக்குத் தெரியும், செலவும் தெரியும். அந்தச் செலவு எப்போது கட்டுப்படியாகும், எப்போது வீண் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

விளிம்பு ஏன் வெட்டுப்படுகிறது

1920x1080 திரையில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலும் ஒரு சிறிய சதுரம். அதற்கு என்ன நிறம் என்று முடிவுசெய்ய, கிராபிக்ஸ் கார்டு அந்தச் சதுரத்தின் நடுவில் ஒரே ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு. சதுரம் முழுவதும் வானமாகவே இருந்தால் இந்தக் கணக்கு சரி. பாதி வானம், பாதி சுவர் என்றால் பிசகிவிடும். நடுப்புள்ளி சுவரில் விழுந்தால் சதுரம் முழுவதும் சுவர், வானத்தில் விழுந்தால் முழுவதும் வானம். பாதிப் பாதி என்று சொல்ல வழியே இல்லை. விளிம்பில் வெட்டு விழுவது இதனால்தான்.

மின்கம்பியின் நிலை இன்னும் மோசம். தூரத்துக் கம்பி ஒரு பிக்சலைவிட மெல்லியது. நடுப்புள்ளி அதன் மேல் பட்டால் கம்பி உண்டு, படாவிட்டால் இல்லை. கார் நகர நகரப் புள்ளிகள் கம்பியைத் தொட்டும் விட்டும் போவதால் அது தோன்றித் தோன்றி மறைகிறது.

இப்போது அதே காட்சியை 3840x2160 அளவில் வரைந்தால், மானிட்டரின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்றுக்குப் பதில் நான்கு புள்ளிகள் கிடைக்கும். நான்கில் இரண்டு வானம், இரண்டு சுவர் என்றால் சராசரி எடுத்து இடைப்பட்ட நிறத்தைக் கொடுக்கலாம். வெட்டு தணிகிறது, கம்பி அறுபடுவது குறைகிறது. இலைகளும் வேலிகளும் கேம்களில் பெரும்பாலும் தட்டையான பரப்பில் ஒட்டிய படங்கள்தான். வடிவங்களின் ஓரத்தை மட்டும் கவனிக்கும் எம்எஸ்ஏஏ போன்ற முறைகள் அவற்றைச் சரியாகத் தொடுவதில்லை. சூப்பர்சாம்பிளிங் மொத்தக் காட்சியையும் கூடுதல் புள்ளிகளில் வரைவதால் எல்லாவற்றுக்கும் பலன் சேருகிறது.

இதனால் மானிட்டர் 4கே ஆகிவிடாது. திரையில் இருப்பது அதே 20 லட்சம் பிக்சல்கள்தான், ஒரு பிக்சலைவிடச் சிறிய நுணுக்கத்தை அது தனியாகக் காட்ட முடியாது. ஒவ்வொரு பிக்சலின் நிறமும் உண்மைக்கு நெருக்கமாக வருகிறது, அவ்வளவுதான்.

நான்கு மடங்கின் பலவீனம்

நான்கு மடங்கு வேலை செய்தும் சில கோடுகளில் எதிர்பார்த்த பலன் வராது. நான்கு புள்ளிகளும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சதுரமாக நிற்கின்றன. கிட்டத்தட்ட படுக்கையாக ஓடும் ஒரு கம்பியோ கூரையின் விளிம்போ வரும்போது, ஒரே வரிசையில் உள்ள இரண்டு புள்ளிகளையும் அது ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடக்கிறது. ஆகவே முழுக் கறுப்புக்கும் முழு வெளுப்புக்கும் நடுவே ஒரே ஒரு இடைநிறம்தான் கிடைக்கும். 2000-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ 5 5500 கார்டு இந்த நான்கு புள்ளிகளைச் சற்றே திருப்பி, ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும்படி வைத்தது. அதே நான்கு புள்ளிகளில் மூன்று இடைநிறங்கள் கிடைத்தன. இன்றைய டிரைவர்கள் வெறுமனே பெரிய படத்தை வரைந்து சுருக்குவதால் அந்த நுட்பம் இங்கே இல்லை.

அதனால் கேமுக்குள் இருக்கும் டிஏஏ வசதியை அணைத்துவிட வேண்டாம். அது ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி, முந்தைய ஃபிரேம்களோடு கலந்து விளிம்பை மென்மையாக்குகிறது. குறைந்த ரெசல்யூஷனில் டிஏஏ படத்தை மங்கலாக்குகிறது என்ற புகார் நியாயமானது. ஆனால் பெரிய அளவில் வரைந்து அதன் மேல் டிஏஏ ஓடும்போது அந்த மங்கல் சிறிதாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கின்றன.

எங்கே இருக்கிறது

என்விடியா 2014-இல் டிஎஸ்ஆர் என்ற பெயரில் இதை டிரைவருக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு இறுதியில் ஏஎம்டி விஎஸ்ஆர் என்ற பெயரில் கொடுத்தது. என்விடியாவில் NVIDIA Control Panel திறந்து, Manage 3D settings பகுதியில் DSR - Factors என்ற இடத்தில் வேண்டிய மடங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஎம்டியில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் Virtual Super Resolution. பிறகு கேமுக்குள் போனால் புதிய ரெசல்யூஷன்கள் பட்டியலில் வந்திருக்கும். லேப்டாப்பில் திரை, பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸோடு இணைக்கப்பட்டிருந்தால் டிஎஸ்ஆர் பெரும்பாலும் காட்டாது. அப்போது கேமுக்குள்ளேயே இருக்கும் வசதியைத் தேட வேண்டும். ஜிடிஏ 5-இல் அது Frame Scaling Mode.

இங்கே பலர் ஏமாறும் இடம் எண்கள். டிஎஸ்ஆரில் 4.00x என்பது மொத்தப் பிக்சல் எண்ணிக்கை, அதாவது நீளமும் அகலமும் தலா இரண்டு மடங்கு. 2.25x என்பது தலா ஒன்றரை மடங்கு, 2880x1620. ஜிடிஏவின் x1.500 நீள அகலத்துக்கானது, எனவே அதுவும் இதே 2880x1620-தான். 'ஒன்றரைதானே, இரண்டுதானே' என்று கேமுக்குள் ஏற்றிவிட்டால் வேலை இரண்டேகால் மடங்கு, நான்கு மடங்கு ஆகிவிடும்.

செலவுக் கணக்கு

செலவை ஃபிரேம் எண்ணிக்கையில் பார்ப்பதைவிட நேரத்தில் பார்ப்பது எளிது. கணக்குக்காக, 1920x1080-இல் விநாடிக்கு 120 ஃபிரேம் வரையும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமுக்கு 8.3 மில்லிசெகண்ட். இதில் 2 மில்லிசெகண்ட் நிழல் வரைபடம் போன்ற, ரெசல்யூஷனைப் பொறுத்து மாறாத வேலை என்று வைப்போம். மீதி 6.3 மட்டும் பிக்சல் எண்ணிக்கையோடு பெருகும்.

2.25 மடங்கில் 6.3 என்பது 14.2 ஆகும். 2 சேர்த்தால் 16.2, அதாவது விநாடிக்கு சுமார் 62 ஃபிரேம். நான்கு மடங்கில் 25.2-உம் 2-உம் சேர்ந்து 27.2, அதாவது வெறும் 37 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு முதலாவது கட்டுப்படியாகும், இரண்டாவது ஆகாது.

பிராசசரைச் சேர்த்தால் கணக்கு மாறும். ஜிடிஏ 5 பிராசசரையும் நன்றாக வேலை வாங்கும் கேம். பிராசசருக்கு ஒரு ஃபிரேமைத் தயார்செய்ய 14 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் 71 ஃபிரேமுக்கு மேல் வராது. கார்டு 8.3-இல் வேலையை முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா காத்திருக்கும். இந்த நிலையில் 1.78 மடங்குக்கு, அதாவது 2560x1440-க்கு ஏற்றினால் கார்டின் நேரம் 13.2 ஆகும். அது 14-க்குள் அடங்கிவிடுவதால் ஒரு ஃபிரேம்கூடக் குறையாது. 2.25-க்கு ஏற்றினாலும் 71-இலிருந்து 62-க்குத்தான் இறங்கும்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வி-சிங்க்கையும் ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு ரெசல்யூஷனை 1280x720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் தடை பிராசசரில் இருக்கிறது, கார்டில் மிச்சம் இருக்கிறது. நன்றாக ஏறினால் கார்டு ஏற்கெனவே முழு வேலையில் இருக்கிறது. அதன் மேல் சுமை ஏற்றினால் ஃபிரேம் குறைந்தே தீரும்.

ஃபிரேம் குறையாவிட்டாலும் செலவு இல்லாமல் இல்லை. சும்மா இருந்த கார்டு இப்போது முழு மூச்சில் ஓடும். மின்சாரமும் சூடும் கூடும், ஃபேன் சத்தம் கேட்கும். கார்டின் பயன்பாடு நூறு சதவீதத்தைத் தொட்டால் மவுஸ் அசைவுக்கும் திரை அசைவுக்கும் இடையே தாமதம் கூடும். கார்டின் நினைவகமும் நிறையும். ஒரு படத்துக்கு 8.3 எம்பி பிடித்த இடத்தில் நான்கு மடங்கில் 33 எம்பி பிடிக்கும், கேம்கள் இப்படிப் பல அடுக்குகளை வைத்திருக்கின்றன. சராசரி ஃபிரேம் நன்றாக இருந்தும் திரும்பும்போதெல்லாம் படம் தடுக்கினால், முதலில் நினைவகத்தைச் சந்தேகியுங்கள்.

கூர்மை வராவிட்டால்

போட்ட பிறகு படம் முன்னைவிட மங்கலாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் சுருக்கும் முறை. நான்கு மடங்கில் நான்கு பிக்சல்கள் சரியாக ஒன்றாகின்றன. அப்போது DSR - Smoothness அளவை அதன் இயல்பான 33 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கிவிடலாம். மற்ற மடங்குகளில் பிக்சல்கள் பின்னமாகப் பிரிவதால் கொஞ்சம் மென்மை தேவைப்படும், அதுவே எழுத்துகளைக் கலங்கலாக்கும். டிரைவர் வழியாகப் போகும்போது கேம் தன்னை ஒரு பெரிய திரையில் இருப்பதாக நினைப்பதால் வரைபடமும் எழுத்தும் சிறுத்துப்போகும். கேமுக்குள் இருக்கும் வசதியில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு 2022 ஜனவரியில் வந்த டிஎல்டிஎஸ்ஆர் இருக்கிறது. இதில் 1.78, 2.25 என்ற இரண்டு மடங்குகள்தான். சுருக்கும் வேலையை நரம்பு வலைப்பின்னல் செய்வதால் பின்னமான அளவிலும் படம் தெளிவாக வருகிறது. 2.25-ஐப் போட்டு, கேமில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியையும் சேர்த்தால், 2880x1620-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது அதே 1920x1080 அளவில்தான் கேம் உண்மையில் வரையப்படும். பெரிதாக்கிச் சுருக்கும் வேலைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கூடுதலாகும்.

என் தீர்ப்பு இதுதான். 1920x1080 மானிட்டரில் நான்கு மடங்கு என்பது பழைய, இலகுவான கேம்களுக்கு மட்டும் உரியது. மற்றவற்றுக்கு முதலில் 720 சோதனையைச் செய்யுங்கள். கார்டில் மிச்சம் இருந்தால் 1.78-இல் தொடங்கி 2.25 வரை ஏற்றிப் பாருங்கள். மிச்சம் இல்லாவிட்டால், ஃபிரேமை விற்றுக் கூர்மையை வாங்காதீர்கள்.