மாறாத கோப்பை மறுபடி இறக்காமல் இருப்பது எப்படி?

ETag என்பது ஒரு கோப்பை அனுப்பும்போது சர்வர் கூடவே அனுப்பும் அடையாளக் குறி. மேற்கோள் குறிகளுக்குள் அடங்கிய சில எழுத்துகளும் எண்களும்தான் அது. கோப்பு மாறினால் குறியும் மாறும். குறியை எப்படி உருவாக்குவது என்பது சர்வரின் விருப்பம். உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் கணக்கிட்டுத் தரும் சர்வர்கள் உண்டு. Nginx, கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் அதன் அளவையும் கொண்டே குறியை அமைத்துவிடுகிறது. பெறுபவர் குறிக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. வந்தபடியே வைத்திருந்து, அடுத்த முறை திருப்பிக் காட்டினால் போதும்.

public_suffix_list.dat என்ற கோப்பை எடுத்துக்கொள்ளலாம். co.in போல, யாருக்கும் கீழே தனிப் பெயர் பதிவு செய்து தரப்படும் இணைய முகவரிப் பின்னொட்டுகளின் பட்டியல் இது. ஒரு தளத்தின் குக்கீ இன்னொரு தளத்துக்குப் போகாமல் தடுக்க உலாவிகள் இதைத்தான் பார்க்கின்றன. சில நூறு கிலோபைட் அளவுள்ள இந்தக் கோப்பு எப்போது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதைத் தினமும் எடுத்து ஒரு தரவுத்தளத்தில் ஏற்றும் நிரல் இருப்பதாகக் கொள்வோம். முதல் நாள் கோப்பு முழுதாக வருகிறது, கூடவே ஒரு குறியும் வருகிறது. மறுநாள் நிரல் அந்தக் குறியை If-None-Match என்ற ஹெடரில் வைத்துக் கேட்கிறது. குறி இங்கே உதாரணத்துக்கானது:

```
GET /list/public_suffix_list.dat HTTP/1.1
Host: publicsuffix.org
If-None-Match: "9c1e7a52"

HTTP/1.1 304 Not Modified
ETag: "9c1e7a52"
```

என்னிடம் இந்தக் குறியுள்ள கோப்பு இருக்கிறது, வேறாக இருந்தால் மட்டும் அனுப்பு என்பதே இந்தக் கோரிக்கை. கோப்பு மாறவில்லை என்பதால் 304 என்ற பதில் மட்டும் வருகிறது. அதில் கோப்பு இல்லை. மாறியிருந்தால் வழக்கமான 200 பதிலும் புதிய கோப்பும் புதிய குறியும் வந்திருக்கும். உலாவி இதையெல்லாம் தானே செய்துகொள்ளும். சொந்தமாக எழுதிய நிரலில் குறியைச் சேமிப்பதும் திருப்பி அனுப்புவதும் எழுதியவரின் வேலை. குறியைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகளும் அதன் பகுதியே. அவற்றை உரித்துவிட்டுச் சேமித்தால் ஒப்பீடு தவறிப்போகலாம்.

பெரும்பாலான நிரல்கள் சறுக்குவது குறியை எப்போது சேமிப்பது என்பதில்தான். பட்டியல் மாறிய ஒரு நாளில் 200 வருகிறது. நிரல் புதிய குறியை உடனே எழுதி வைத்துவிட்டுக் கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றத் தொடங்குகிறது. பாதியில் வட்டு நிரம்பி ஏற்றம் நின்றுபோகிறது. மறுநாள் நிரல் புதிய குறியைக் காட்டிக் கேட்க, சர்வர் நேர்மையாக 304 என்கிறது. மாற்றம் இல்லை என்று நிரலும் நிம்மதியாக முடிந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. தரவுத்தளத்தில் இருப்பதோ பழைய பட்டியல். கோப்பு அடுத்த முறை மாறும்வரை இந்த நிலை நீடிக்கும். ஒரு பிழை இதைவிட அமைதியாக ஒளிந்திருக்க முடியாது.

எனவே, சேமித்த குறி கைக்கு வந்த கோப்பைக் குறிக்கக் கூடாது, வெற்றிகரமாக ஏற்றி முடித்த கோப்பையே குறிக்க வேண்டும். புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் இறக்கி, ஏற்றி, கடைசியாகக் குறியைப் பதிவது சரியான வரிசை. ஏற்றத்தையும் குறிப் பதிவையும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் வைத்தால் இன்னும் நல்லது. இரண்டும் சேர்ந்தே நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. இறக்கிய மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஏற்றும் நிரலில் ஒரு திருத்தம் செய்து பழைய தரவை மறுபடி ஏற்ற நேர்ந்தால், சர்வர் தரப்போவது வெறும் 304தான்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: கோப்பு மாறாதபோதும் 200 வந்துகொண்டே இருப்பது. அப்பாச்சி சர்வரில் சுருக்கி அனுப்பும் வசதி, குறியின் முடிவில் -gzip என்று ஒட்டிவிட்டு, திரும்பி வரும் குறியை அடையாளம் காணாமல் விட்ட வழக்கு பிரபலமானது. ஒரே தளத்தின் பல சர்வர்கள் ஒரே கோப்புக்கு வெவ்வேறு குறி தருவதும் நடக்கும். கண்டுபிடிப்பது எளிது: ஒரே கோப்பை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டு, இரண்டாவது பதில் 304 ஆக வருகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்த பதில் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவந்தால் இரண்டு கோளாறுகளும் தெரிந்துவிடும். பல வாரங்களாக 200 மட்டுமே வந்தாலும், மாறும் என்று தெரிந்த கோப்புக்கு 304 மட்டுமே வந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மிச்சமாவது கோப்பு பயணிக்கும் நேரமும் அதன் அளவும்தான். இணைப்பு ஏற்படுத்துவதும் ஒருமுறை கேட்டுப் பதில் பெறுவதும் எப்போதும் உண்டு. ஆகவே சிறு சிறு கோப்புகள் ஆயிரம் இருந்தால் ஆயிரம் முறை கேட்டே ஆக வேண்டும். சர்வர் பக்கத்திலும், சில நிரல்கள் பதில் முழுவதையும் தயாரித்து, அதிலிருந்து குறியைக் கணக்கிட்டு, பிறகே 304 சொல்கின்றன. அங்கே அலைவரிசை மட்டும்தான் மிச்சம், உழைப்பு குறைவதில்லை.