பொது உள்ளீட்டு வரியைப் பகுக்கும் முறை

பெறுமதி சேர்க்கப்பட்ட வரியின் அடிப்படை ஒரு கழித்தலாகும். வணிகர் தம் விற்பனைமீது அறவிடும் வரி வெளியீட்டு வரி எனப்படும். அவ்விற்பனைக்காகக் கொள்வனவு செய்தபோது அவர் செலுத்திய வரி உள்ளீட்டு வரி எனப்படும். முன்னையதிலிருந்து பின்னையதைக் கழித்து எஞ்சியதை அரசுக்குச் செலுத்துவதே முறை. இலங்கையில் 1998 ஏப்ரல் முதல் நடைபெற்ற பண்டங்கள் சேவைகள் வரியும், அதற்குப் பதிலாக 2002 ஆகத்து முதல் வந்த பெறுமதி சேர்க்கப்பட்ட வரியும் இவ்வடிப்படையிலேயே அமைந்தவை.

ஆயின், எல்லா விற்பனையும் வரிக்குட்படுவதில்லை. சில பொருள்களுக்குச் சட்டம் விலக்களிக்கின்றது. விலக்களிக்கப்பட்ட பொருளை விற்பவர் வெளியீட்டு வரி அறவிடுவதில்லை. ஆகவே அப்பொருளின் பொருட்டுச் செலுத்திய உள்ளீட்டு வரியைக் கழிக்கும் உரிமையும் அவருக்கில்லை. ஒருவர் இருவகைப் பொருள்களையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து விற்பாராயின், அக்களஞ்சிய வாடகைமீது செலுத்திய வரியில் எவ்வளவு கழிக்கத்தக்கது? 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வரிக்குட்பட்ட வழங்கலுக்கு உரிய அளவே உள்ளீட்டு வரியைக் கழிக்கலாம் என்கின்றது. அவ்வளவைக் காணும் முறையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மாத்தளைக்கு வடக்கே, கண்டி–யாழ்ப்பாண வீதியில் உள்ள பலாபத்வல வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே வரிப்பதிவு பெற்ற வணிகர் ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவர் சரக்குகளை அரைத்துத் தூளாக்கிப் பொதிசெய்து உள்நாட்டில் விற்கின்றார், இது வரிக்குட்பட்டது. ஒரு பகுதியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கின்றார். பக்குவப்படுத்தாத விளைபொருள்களையும் அவ்வாறே மொத்தமாக விற்கின்றார். விலக்கு அட்டவணை 2024 சனவரியில் நிகழ்ந்தது போல அவ்வப்போது திருத்தப்படுவது. நம் கணக்கின்பொருட்டு இம்மூன்றாவது விற்பனை விலக்களிக்கப்பட்டது என்றே கொள்வோம்.

ஒரு வரிக் காலத்தில், வரி நீங்கலாக, தூள் விற்பனை 60 இலட்சம் ரூபா. ஏற்றுமதி 10 இலட்சம். விலக்களிக்கப்பட்ட விற்பனை 30 இலட்சம். ஆக மொத்தம் ஒரு கோடி. 2024 சனவரி முதல் உள்ள 18 சதவீதத்தின்படி வெளியீட்டு வரி 1,080,000 ரூபா. ஏற்றுமதி பூச்சிய வீதத்துக்கு உட்பட்டமையால் அதன்மீது வரியில்லை.

முதற்படி, கொள்வனவுப் பட்டியல்களை மூன்று கூறாக்குதல். தூளுக்கும் ஏற்றுமதிக்கும் மட்டும் பயன்பட்ட பொதிகள், சிட்டைகள் ஆகியவற்றின் வரி 180,000 ரூபா. இது முழுவதும் கழிக்கத்தக்கது. விலக்களிக்கப்பட்ட விளைபொருளுக்கு மட்டும் வாங்கிய சாக்குகளின் வரி 18,000 ரூபா. இதில் ஒரு சதமும் கழிக்கத்தக்கதன்று. களஞ்சிய வாடகை, காவற்சேவை, கணக்காளர் கட்டணம், பாரவூர்தி திருத்தம் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை. இவற்றின் வரி 90,000 ரூபா. இம்மூன்றாங் கூறு மட்டுமே பகுத்தற்குரியது.

இரண்டாம் படி, விகிதங் காணல். வரிக்குட்பட்ட விற்பனையை மொத்த விற்பனையால் வகுத்தல் வேண்டும். பூச்சிய வீத ஏற்றுமதியும் வரிக்குட்பட்ட வழங்கலேயாதலின் அதனையும் சேர்த்தால் 70 இலட்சம். விகிதம் 70 சதவீதம். 90,000 ரூபாவில் 63,000 ரூபா கழிக்கத்தக்கது. 27,000 ரூபா கழிக்கத்தகாதது. எனவே மொத்தக் கழிவு 243,000 ரூபா. செலுத்த வேண்டிய வரி 837,000 ரூபா. கழிக்கத்தகாத 18,000, 27,000 ஆகிய இரண்டும் சேர்ந்த 45,000 ரூபா விலக்களிக்கப்பட்ட விளைபொருளின் அடக்கவிலையிற் சேர்கின்றது. பட்டியலில் வரியின்றி விற்கப்படும் பொருளினுள்ளும் வரி மறைந்திருப்பது இவ்வாறே.

இக்கணக்கிற் பொதுவாக நேரும் பிழைகள் மூன்று. முதலாவது, கூறாக்காமல் எல்லா உள்ளீட்டு வரியையும் ஒருங்கு சேர்த்து விகிதத்தாற் பெருக்குவது. அவ்வாறு செய்யின் 288,000 ரூபாவின் 70 சதவீதமாகிய 201,600 ரூபாவே கிடைக்கும். வணிகர் 41,400 ரூபாவை இழப்பார். விலக்களிக்கப்பட்ட பொருளுக்கான நேர்ச்செலவு மிகுந்த வணிகத்தில் இதே பிழை, உரிமையில்லாத கழிவைத் தரும். இரண்டாவது, ஏற்றுமதிமீது வரியில்லாமையால் அதனை விலக்களிக்கப்பட்டதாக எண்ணுவது. அப்போது விகிதம் 60 சதவீதமாகி 9,000 ரூபா வீணாகும். மூன்றாவது, விற்பனைத் தொகையை வரியுடன் சேர்த்து எழுதுவது. அப்போது 110.8 இலட்சத்தில் 80.8 இலட்சம் என்றாகி, விகிதம் ஏறக்குறைய 72.9 சதவீதமாகப் பொய்யாக உயரும். பிழையைச் சோதிக்க ஓர் எளிய வழியுண்டு. கழித்ததும் கழிக்காததும் சேர்ந்து பட்டியல்களிலுள்ள மொத்த வரிக்குச் சமமாதல் வேண்டும். ஈண்டு 243,000 ரூபாவும் 45,000 ரூபாவும் சேர்ந்து 288,000 ரூபாவாகின்றன. எனினும், இச்சோதனை விடுபட்ட பட்டியலைக் காட்டுமேயன்றி விகிதத்தின் பிழையைக் காட்டாது. அதற்கு விற்பனைப் பதிவேட்டையே மீண்டும் நோக்குதல் வேண்டும்.

இனி, விளைபொருள் வணிகத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டை நோக்குவோம். அடுத்த வரிக் காலம் அறுவடைக் காலமாக, தூள் 20 இலட்சத்துக்கும், ஏற்றுமதி 10 இலட்சத்துக்கும், விலக்களிக்கப்பட்ட விளைபொருள் 70 இலட்சத்துக்கும் விற்கப்படுகின்றன என்க. விகிதம் 30 சதவீதமாக இறங்குகின்றது. அக்காலத்தில் களஞ்சியக் கூரையைத் திருத்தும் பெருஞ்செலவு நேர்ந்து, பொது வரி 360,000 ரூபாவாயின் கழிவு 108,000 ரூபா மாத்திரமே. இரு காலத்துக்கும் கழிவு 171,000 ரூபா. இரு காலங்களையும் ஒன்றாக வைத்து நோக்கினாலோ விகிதம் 50 சதவீதம். 450,000 ரூபாவுக்குக் கழிவு 225,000 ரூபா. வேறுபாடு 54,000 ரூபா. கூரைத் திருத்தம் முதற் காலத்திலும் சிறு செலவு அறுவடைக் காலத்திலும் நேர்ந்திருப்பின், கழிவு 279,000 ரூபாவாகி, அதே 54,000 ரூபா மிகையாகக் கிடைத்திருக்கும். கூரை ஆண்டு முழுவதும் பயன்படுவது; திருத்திய திங்களைக் கொண்டு அதன் வரியைத் தீர்மானித்தல் பொருந்தாது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க இந்தியச் சட்டம் வழிவகுத்துள்ளது. 2017 யூலை முதல் அங்கு நடைபெறும் பண்டங்கள் சேவைகள் வரியில், 42ஆம் விதி மேற்கூறிய கூறாக்கலையும் விகிதத்தையும் திங்கள்தோறும் செய்யுமாறு கூறுகின்றது. பின்னர் நிதியாண்டு முழுவதற்கும் உரிய தொகைகளைக் கொண்டு கணக்கை மீண்டும் செய்தல் வேண்டும். மிகையாகக் கழித்திருப்பின் வட்டியுடன் திருப்பிச் செலுத்துதலும், குறைவாகக் கழித்திருப்பின் எஞ்சியதைப் பெறுதலும் முறை. பிரித்தானியாவிலும் இத்தகைய ஆண்டிறுதிச் சரிப்படுத்தல் உண்டு.

ஆண்டு முழுவதும் சேர்த்துக் கணித்தாலும், விற்பனைப் பெறுமதி என்னும் அளவுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. பெறுமதி குறைந்த விளைபொருட் சாக்குகள் களஞ்சியத்தின் ஐந்தில் நான்கு பங்கை நிறைத்திருக்கலாம். பெறுமதி மிகுந்த தூள் ஒரு மூலையில் அடங்கியிருக்கலாம். அங்கே வாடகையின் பயனை விற்பனைத் தொகை சரியாகக் காட்டாது, தரைப்பரப்பே காட்டும். பிரித்தானியாவில் வரி அதிகாரிகளின் ஒப்புதல் பெற்று இத்தகைய வேறு அளவுகோலைக் கையாள இடமுண்டு. எனவே பகுப்பின்முன் கேட்க வேண்டிய வினா இரண்டாகும்: இக்கொள்வனவு உண்மையிற் பொதுவானதா? பொதுவானதாயின் அதன் பயனை எது அளக்கும்? முதல் வினாவுக்கு ஒவ்வொரு பட்டியலையும் பெறும்போதே விடையெழுதி வைப்பாராயின், இரண்டாவது வினாவுக்கு எஞ்சும் தொகை சிறிதாகும். அளவுகோலின் குறையால் விளையும் பிழையும் அதற்கேற்பச் சிறிதாகும்.