இரண்டு போர்களுக்கு நடுவே நடந்தே களைத்த படை

1815 ஜூன் 16 பிற்பகல். இன்றைய பெல்ஜியத்தில், சுமார் 10 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே நேரத்தில் இரண்டு போர்கள் மூண்டன. லின்யீ என்ற கிராமத்தருகே நெப்போலியன் பிரஷ்யப் படையைத் தாக்கினார். மேற்கே காத்ர் ப்ரா நாற்சந்தியில் அவருடைய தளபதி மார்ஷல் நே, வெலிங்டனின் படையோடு மோதினார். இரண்டுக்கும் நடுவே, தளபதி டெர்லோன் தலைமையில் சுமார் 20,000 பிரெஞ்சு வீரர்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். மாலைவரை முதலில் ஒரு போரை நோக்கியும் பிறகு மற்றதை நோக்கியும் நடந்தார்கள். எந்தப் போரின் முடிவிலும் அவர்களுக்குப் பங்கில்லை. இரண்டில் எதில் அவர்கள் இறங்கியிருந்தாலும் அன்றைய முடிவு மாறியிருக்கக்கூடும்.

அன்று லின்யீயில் எதிரணியில் இருந்தவர்களில் ஒருவர் கார்ல் ஃபொன் கிளாஸ்விட்ஸ். பிரஷ்யாவின் மூன்றாம் படைப்பிரிவில், தளபதிக்கு அடுத்த நிலையில் திட்டங்களையும் உத்தரவுகளையும் கவனிக்கும் தலைமை அதிகாரி அவர். 12 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, தோல்வியையும் சிறைப்பிடிப்பையும் கண்டவர். 1831இல் காலராவில் இறந்தார். மறு ஆண்டு முதல் அவருடைய மனைவி மரீ வெளியிட்ட ‘போரைப் பற்றி’ என்ற நூல் இன்றும் ராணுவக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. தாளில் கச்சிதமாக இருக்கும் திட்டம் களத்தில் ஏன் சிதைகிறது என்ற கேள்விக்கு அந்த நூலைப்போலத் தெளிவாகப் பதில் சொன்ன நூல்கள் குறைவு.

அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு. முதலாவது மூடுபனி. எதிரி எங்கே, எத்தனை பேர், என்ன நினைக்கிறான் என்பதில் பெரும்பகுதி தளபதிக்குத் தெரியாது. வரும் தகவல்களில் பல ஒன்றுக்கொன்று முரணானவை, சில பொய்யானவை, பயம் பெரிதாக்கிக் காட்டுபவையும் உண்டு. தன் படையே அந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பதுகூடச் சில சமயம் தெரியாது. இரண்டாவது உராய்வு. எல்லாம் தெரிந்திருந்தாலும் செய்து முடிப்பது கடினம். மழை பெய்கிறது, சாலை நெரிகிறது, குதிரை இடறுகிறது, உத்தரவு தாமதிக்கிறது, பசியும் களைப்பும் சேர்கின்றன. தரையில் எளிதாக நடப்பவன் தண்ணீருக்குள் நடக்கும்போது திணறுவதைப் போன்றது இது என்கிறார் அவர். போரில் செய்ய வேண்டியவை எல்லாம் எளியவைதான், அந்த எளியவற்றைச் செய்வதுதான் பெரும்பாடு என்பது அவர் வாதத்தின் சாரம்.

திட்டத்தில் குறை இல்லை

நெப்போலியனின் எதிரே இரண்டு படைகள் இருந்தன. வெலிங்டனின் கீழ் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஜெர்மானியரும் கலந்த படை ஒன்று. ப்ளூஹரின் பிரஷ்யப் படை மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். நெப்போலியனிடம் சுமார் 1,20,000 பேர்தான். ஆகவே இரண்டும் ஒன்றுசேருமுன் நடுவே புகுந்து, ஒன்றைத் தடுத்து நிறுத்திவிட்டு மற்றதை முறியடிப்பது என்று முடிவெடுத்தார். குறைந்த படை உள்ளவருக்கு அதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

ஜூன் 15 விடியற்காலையிலேயே உராய்வு தொடங்கிவிட்டது. தளபதி வாண்டாமின் படைப்பிரிவைப் புறப்படச் சொல்லும் உத்தரவை ஒரே ஓர் அதிகாரிதான் எடுத்துச் சென்றார். அவர் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். உத்தரவு போய்ச் சேரவில்லை. பின்னால் வந்த படைப்பிரிவு, முன்னால் ஒரு படை இன்னும் கூடாரத்திலேயே இருப்பதைக் கண்டு திகைத்து நின்றது. பல மணி நேரம் வீணாயிற்று. பல ஆண்டுகளாக நெப்போலியனின் உத்தரவுகளை எழுதி அனுப்பிவந்த பெர்த்தியே இரண்டு வாரம் முன்புதான் இறந்திருந்தார். அந்த இடத்தில் இருந்த மார்ஷல் சூல்ட் நல்ல போர்த்தளபதி, ஆனால் இந்த வேலைக்குப் புதியவர்.

மறுநாள் காலையில் மூடுபனி கவிந்தது. காத்ர் ப்ராவில் அப்போது வெலிங்டனின் ஆட்கள் சுமார் 8,000 பேர்தான். நே உடனே தாக்கியிருந்தால் நாற்சந்தி விழுந்திருக்கும். ஆனால் அவருக்குக் கீழிருந்த ரெய்ல் ஸ்பெயினில் வெலிங்டனோடு போரிட்டவர். மேட்டுக்குப் பின்னால் படையை மறைத்துவைப்பது வெலிங்டனின் வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பெரும்படை அங்கே இருக்கலாம் என்று எச்சரித்தார். அங்கே யாரும் இல்லை. அனுபவத்திலிருந்து வந்த நியாயமான எச்சரிக்கைதான் அன்று தவறாகப் போனது. நே பிற்பகல் 2 மணிக்குத் தாக்கியபோது வெலிங்டனுக்கு உதவிப்படைகள் வரத் தொடங்கியிருந்தன.

டெர்லோனின் மாலை

லின்யீயில் நெப்போலியனிடம் சுமார் 68,000 பேர், ப்ளூஹரிடம் சுமார் 84,000 பேர். முன்னால் நின்று மோதுவதோடு பின்புறத்திலிருந்தும் ஒரு படை வந்து அடித்தால் பிரஷ்யப் படை அங்கேயே அழியும் என்று நெப்போலியன் கணக்கிட்டார். மேற்கே இருந்த நேக்கு, பிரஷ்யர்களைச் சுற்றி வளைக்கும்படி உத்தரவுகள் போயின. காத்ர் ப்ராவில் எதிர்ப்பு லேசானது, நேயால் எளிதில் திரும்ப முடியும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை அவை. அவை நேயின் கைக்கு வந்தபோது எதிரிப்படை பெருகி, அவரே திணறிக்கொண்டிருந்தார். தனக்கு உதவியாக டெர்லோனின் 20,000 பேர் பின்னால் வருகிறார்கள் என்பதுதான் அவருடைய நம்பிக்கை.

ஆனால் அரசரின் பெயரால் குறிப்புடன் வந்த ஓர் அதிகாரி, அந்த 20,000 பேரையும் வழியிலேயே லின்யீ பக்கம் திருப்பிவிட்டார். அவர் யார், குறிப்பில் சரியாக என்ன இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. படை திரும்பிய பிறகுதான் நேக்குச் செய்தி போனது.

படை வந்த திசையும் பிசகியது. பிரஷ்யர்களின் பின்புறத்தில் தோன்ற வேண்டிய அணி, பிரெஞ்சுப் படையின் இடது பக்கத்துக்குப் பின்னால் தோன்றியது. மாலை 5 மணியைத் தாண்டிய நேரம். தூரத்தில் நீண்ட வரிசையாக ஒரு படை வருவதைக் கண்ட வாண்டாம், எதிரி என்று சொல்லி அனுப்பினார். அவருடைய வீரர்கள் கலங்கினர். கடைசி அடிக்குத் தயாராக நின்ற சிறப்புக் காவற்படையை நெப்போலியன் நிறுத்திவைத்து, வருவது யார் என்று பார்த்துவர ஆள் அனுப்பினார். தான் எதிர்பார்த்துக் கேட்ட படையே தன் கண்முன் வந்தபோது, அதைப் பகைவன் என்று எண்ணி ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்தார்.

வந்தது டெர்லோன் என்று தெரிந்தது. அதற்குள் காத்ர் ப்ராவில் கோபத்தில் கொதித்த நே, உடனே திரும்பி வா என்று டெர்லோனுக்குக் கண்டிப்பான உத்தரவு அனுப்பியிருந்தார். லின்யீயின் பீரங்கிப் புகை தெரியும் தூரத்தில் டெர்லோன் நின்றிருந்தார். திரும்பினால் இருட்டுமுன் காத்ர் ப்ராவை அடைய முடியாது. ஆனாலும் அவருடைய நேரடித் தலைவர் நே. ஒரு டிவிஷனையும் சில குதிரைப்படையையும் விட்டுவிட்டு மற்றவர்களோடு திரும்பினார். இரவு அவர் போய்ச் சேர்ந்தபோது போர் ஓய்ந்திருந்தது.

இதில் யாரை முட்டாள் என்பது? நெப்போலியன் அழைத்ததும், நே திரும்ப அழைத்ததும், வாண்டாம் எச்சரித்ததும், டெர்லோன் தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதும் அவரவருக்குத் தெரிந்த அளவில் நியாயமே. ஆனால் குதிரையில் போகும் உத்தரவு, எழுதிய நேரத்துக் களத்தைப் பற்றிப் பேசுகிறது, படிக்கப்படும் நேரத்துக் களத்தைப் பற்றி அல்ல. அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் வேறு வேறு போரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிறு பிழைகளின் பெருக்கல்

ஒரு திட்டம் பத்துக் காரியங்கள் அடுத்தடுத்துச் சரியாக நடப்பதை நம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 முறை சரியாக நடக்கும் என்றாலும், பத்தும் சேர்ந்து சரியாக அமையும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம்தான். படை என்பது ஒரே பொருள்போலத் தோன்றினாலும் தனித்தனி மனிதர்களால் ஆனது, அவர்களில் மிகச் சாதாரணமானவர்கூட ஒரு தாமதத்தை உண்டாக்க முடியும் என்று கிளாஸ்விட்ஸ் சுட்டிக்காட்டுவது இதைத்தான். திட்டத்தைக் கவனமாகத் தீட்டத் தீட்டக் கண்ணிகள் கூடிக்கொண்டே போகும் ஆபத்து உண்டு.

உராய்வு ஒரு பக்கத்தை மட்டும் தாக்குவதில்லை. அதே லின்யீயில் பிரஷ்யர்களும் ஒரு முழுப் படைப்பிரிவு இல்லாமல்தான் போரிட்டார்கள். ப்யூலோவின் சுமார் 30,000 பேரை வரச்சொல்லி க்நைசனாவ் எழுதினார். ப்யூலோ பதவி மூப்பில் தன்னைவிடப் பெரியவர் என்பதால் மிகவும் பணிவாக எழுதினார். போர் தொடங்கப்போகிறது என்ற அவசரம் அந்தக் கடிதத்தில் இல்லை. நாளைக்குப் போகலாம் என்று ப்யூலோ தங்கிவிட்டார்.

அன்று இரவு பிரஷ்யர்கள் தோற்றார்கள், ஆனால் அழியவில்லை. வடக்கே வாவ்ர் நோக்கிப் பின்வாங்கினார்கள். பிரெஞ்சுக் குதிரைப்படை கிழக்கே நாமுர் சாலையில் ஓடிய சிதறல் கூட்டத்தைக் கண்டு, படையே அந்தப் பக்கம் போகிறது என்று தகவல் கொடுத்தது. மார்ஷல் குரூஷி சுமார் 33,000 பேருடன் தாமதமாகவும் மழையிலும் தேடிப் புறப்பட்டார். ஜூன் 18 மாலை வாட்டர்லூவில் நெப்போலியனின் வலப்பக்கத்தில் வந்து விழுந்தவர்கள், லின்யீக்கு வராமல் போன அதே ப்யூலோவின் ஆட்கள். குரூஷியை அந்நேரம் வாவ்ரில் கட்டிப்போட்டிருந்தது கிளாஸ்விட்ஸ் இருந்த படைப்பிரிவு.

அப்படியானால் திட்டம் எதற்கு?

திட்டமிடுவது வீண் என்று கிளாஸ்விட்ஸ் சொல்லவில்லை. மூடுபனியை விலக்க முடியாது, அதற்குள் இயங்கப் பழகலாம் என்பதே அவர் நிலை. அமைதிக் காலப் பயிற்சிகளிலேயே குழப்பத்தையும் தடங்கலையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்றார். அரைகுறைத் தகவலிலிருந்து உண்மையை ஊகிக்கும் கூர்மையும், ஊகித்ததைக் கைவிடாத உறுதியும் தளபதிக்கு வேண்டும் என்றார். அவர் இயக்குநராக இருந்த பெர்லின் போர்க்கல்லூரியில் படித்த மோல்ட்கே பின்னாளில் பிரஷ்யப் படையை வழிநடத்தியபோது, எதிரியோடு முதல் மோதல் நிகழும்வரைதான் திட்டத்தை உறுதியாக வகுக்க முடியும் என்று ஏற்றுக்கொண்டார். ஆகவே எப்படிச் செய்ய வேண்டும் என்பதைவிட, எதற்காகச் செய்ய வேண்டும் என்பதைக் கீழிருப்பவருக்குப் புரியவைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

டெர்லோனுக்கு அன்று கிடைத்த உத்தரவுகள் எங்கே போ என்று சொல்லின. பிரஷ்யப் படையை அழிப்பதுதான் இன்றைய முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்று முந்தைய இரவே அவருக்கும் நேக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தால், முரணான இரண்டு தாள்கள் கையில் வந்தபோது எதை மீறலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். செய்தி போய்ச் சேராத நேரத்திலும் கீழிருப்பவர் சரியாக முடிவெடுக்கப் போதுமான நோக்கமும், ஒரு படை வராவிட்டாலும் தாங்குமளவு கையிருப்பும் கொண்ட திட்டமே உராய்வைத் தாக்குப்பிடிக்கும்.