கோழியின் நடுவே எத்தனை டிகிரி?

முழுக்கோழிக்கு மசாலா தடவி ஓவனில் சுடுவது இப்போது பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். குறிப்பைப் பார்த்தால் '200 டிகிரியில் ஒரு மணி நேரம்' என்றிருக்கும். அந்த 200, ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. கறி வெந்ததா என்பதை அது சொல்லாது. நெஞ்சுக்கறியின் நடுவில் எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால்தான் அது தெரியும்.

குழம்பு வைப்பவருக்கு இந்தக் கருவி தேவைப்பட்டதே இல்லை. கொதிக்கும் குழம்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். துண்டுகளும் சிறியவை. அரைமணி நேரம் அதில் கிடந்தால் துண்டின் நடுப்பகுதியும் ஏறக்குறைய அதே சூட்டுக்கு வந்துவிடும். முழுக்கோழி அப்படியல்ல. தோல் சிவந்து முறுகிய பிறகும் உள்ளே பச்சையாக இருக்கலாம். வெட்டி நிறத்தைப் பார்ப்பதும் உதவாது. மிளகாய்த்தூளும் தயிரும் ஊறிய கறி எப்படியும் சிவப்பாகத்தான் தெரியும்; இளம் பிராய்லர் கோழியில் நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பு தங்கிவிடுவதுண்டு.

அமெரிக்க வேளாண் துறை கோழிக்கறிக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 74 டிகிரி செல்சியஸ். கறியின் மிகக் குளிர்ந்த இடமும் இந்த அளவைத் தொட்டால், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் கிட்டத்தட்ட அந்தக் கணமே செத்துப்போகும். அதற்கு மேல் போகப் போக நெஞ்சுக்கறி நீரை இழந்து நாராகும். 80 டிகிரியைத் தாண்டினால் மெல்லும்போதே தெரிந்துவிடும். தொடைக்கறி இதற்கு நேர்மாறு. அதிலுள்ள இணைப்புத் திசு இளக 80 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், அந்தச் சூட்டில்தான் அது ருசியும். ஒரே கோழியில் இரண்டு கணக்கு என்பதால், ஓரிடத்தில் குத்திப் பார்த்துவிட்டு ஓவனை அணைப்பது போதாது.

எங்கே குத்துவது என்பதற்கு முன், கருவியின் எந்த இடம் சூட்டை உணர்கிறது என்று தெரிய வேண்டும். எண் ஓடும் டிஜிட்டல் வகையில் பெரும்பாலும் கம்பியின் நுனியில் சில மில்லிமீட்டர்தான் உணரும். வட்ட முகத்தில் முள் சுற்றும் பழைய வகையில் நுனியிலிருந்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளம் முழுவதும் உணரும். காட்டும் எண் அந்த நீளத்தின் சராசரி. கோழி நெஞ்சின் தடிமனுக்கு அது ஒத்துவராது. நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வகை தோலின் சூட்டை மட்டுமே சொல்லும், இங்கே அதற்கு வேலையில்லை.

நெஞ்சுக்கறியில் மேலிருந்து செங்குத்தாகக் குத்தும் பழக்கம்தான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். கறி அங்கே மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் நுனி எலும்பில் முட்டும். இன்னும் அழுத்தினால் வயிற்றுக்குள் இருக்கும் சூடான காற்றுக்குள் போய்விடும். இரண்டிலும் கிடைப்பது கறியின் சூடு அல்ல. கழுத்துப் பக்கத்திலிருந்து, நெஞ்செலும்புக்கு இணையாக, படுக்கை வாட்டத்தில் கம்பியைச் செலுத்துங்கள். கறி அதிகம் தடித்திருக்கும் இடத்தின் நடுவைத் தாண்டும்வரை போக விட்டு, மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மறுபடி ஏறத் தொடங்கும். ஏறுவதற்கு முன் கண்ட மிகக் குறைந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. தொடையில், தொடையும் உடலும் சேரும் மடிப்புக்கு அருகே, உட்புறக் கறியில் எலும்பைத் தொடாமல் குத்த வேண்டும். இரண்டு பக்கமும் பார்ப்பது நல்லது. சிறிய ஓவன்களில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக வேகும்.

எண்ணையே சந்தேகப்பட்டால் பரிசோதிப்பது எளிது. டம்ளர் நிறைய உடைத்த ஐஸைப் போட்டு, இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஓரிரு நிமிடம் கழித்து நுனியை நடுவில் பிடியுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதித்தால் சென்னையில் 100 வரும்; ஊட்டியில் 93 டிகிரியை ஒட்டித்தான் தண்ணீர் கொதிக்கும் என்பதால், அங்கே கருவியைக் குறை சொல்லக் கூடாது.

இனி, அடுப்பை அணைத்த பிறகும் ஏறும் சூடு. 200 டிகிரி ஓவனிலிருந்து எடுக்கும் நேரத்தில் கோழி முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. தோல் 100 டிகிரியையும் தாண்டியிருக்கலாம். தோலுக்குச் சற்று உள்ளே 85 வாக்கில் இருக்கும்போது, நடுவில் 70 கூட எட்டாமல் இருக்கலாம். கறி சூட்டை மிக மெதுவாகக் கடத்துவதால் வரும் வித்தியாசம் இது. வெளியே எடுத்ததும் மேற்பரப்பின் சூட்டில் ஒரு பங்கு அறைக்காற்றுக்குப் போகிறது. மறுபங்கு, இன்னும் குளிர்ந்திருக்கும் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெளியும் உள்ளும் சமமாகும்வரை நடுவின் எண் ஏறும். அதன் பிறகே இறங்கும்.

எவ்வளவு ஏறும் என்பது அந்த வித்தியாசத்தின் அளவைப் பொறுத்தது. பெரிய கறி, சூடான ஓவன் என்றால் அதிகம். 130 டிகிரியில் நிதானமாகச் சுட்டால் உள்ளுக்கும் வெளிக்கும் இடைவெளி குறைவு, ஏற்றமும் ஓரிரு டிகிரிதான். சிக்கன் டிக்கா போன்ற சிறு துண்டுகளில் இதை நம்பவே கூடாது. சேமித்து வைத்த சூடு காற்றில் போய்விடும். அவற்றை 74 தொட்ட பிறகே எடுக்க வேண்டும்.

ஒன்றரைக் கிலோ கோழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 200 டிகிரி ஓவனில் வைத்து நாற்பதாவது நிமிடம் குத்திப் பார்த்தால் நெஞ்சின் நடுவில் 52 இருக்கிறது என்று வையுங்கள். பத்து நிமிடம் கழித்து 63. நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் சற்று மேல் ஏறுகிறது என்பது தெரிகிறது. இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நெஞ்சில் 70, தொடையில் 79 வந்ததும் எடுத்து, சூடான டிரேயிலிருந்து பலகைக்கு மாற்றி, கம்பியை நெஞ்சிலேயே விட்டுவிடுங்கள். நான்கு டிகிரி ஏறும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் எதிர்பார்ப்பை வைத்துப் பரிமாறக் கூடாது. எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் 74 அல்லது 75 தொட்டு நின்றால் வெட்டலாம். 72-லேயே நின்று இறங்கத் தொடங்கினால் மறுபடி ஓவனுக்குள் வைக்க வேண்டும். அதற்காக ஓவனை அணைக்காமல் வைத்திருப்பது நல்லது. அலுமினியத் தாளால் மூடினால் ஏற்றம் சற்றுக் கூடும், ஆனால் நீராவி தங்கித் தோலின் முறுகல் போய்விடும். என் வீட்டில் அதை மூடுவதில்லை.

70-ல் எடுத்த கோழியை உடனே வெட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். வெட்டிய துண்டில் உள்ளே போக வேண்டிய சூடு வெளியே ஆவியாகப் போகும், நடு 70-லேயே நின்றுவிடும். பசியோடு மேசையில் பிள்ளைகள் காத்திருக்கும் வீடானால், ஓவனிலேயே 74 வரை விட்டு எடுப்பதுதான் சரி; நெஞ்சுக்கறி கொஞ்சம் உலர்ந்தால் உலரட்டும். வேகாத கறியில் குத்திய கம்பியை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்து குத்த வேண்டும்.