போன வாரமா, இந்த ஏழு நாளா?

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களிடம் உலகெங்கும் கொடுத்து நிரப்பச் சொல்லும் ஒரு கேள்வித்தாள் உண்டு. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசி உருவாக்கியது. க்யூஎல்க்யூ-சி30 என்று பெயர். மொத்தம் 30 கேள்விகள். முதல் ஐந்து கேள்விகளுக்குக் கால வரம்பு கிடையாது. அதன்பின் பெரும்பாலான கேள்விகள், பதில் சொல்லும் நாளை ஒட்டிய ஒரு வாரத்தைப் பற்றியவை. அந்த ஒரு வாரத்தைத் தமிழில் சொல்வதில்தான் சிக்கல்.

ஒரு பெண்மணிக்குத் திங்கட்கிழமை கீமோ ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவிலிருந்து புதன் வரை குமட்டலும் வாந்தியும். வியாழக்கிழமை கேள்வித்தாள் கைக்கு வருகிறது. ‘கடந்த வாரம் வாந்தி எடுத்தீர்களா?’ என்று அதில் இருந்தால், அவர் போன சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தை நினைத்துப் பார்ப்பார். அப்போது நன்றாகத்தானே இருந்தார்! ‘இல்லை’ என்று குறிப்பார்.

சரி, ‘கடந்த ஒரு வாரமாக’ என்று மாற்றினால்? அது இன்னொரு குழி. ‘ஒரு வாரமாகக் காய்ச்சல்’ என்றால் விடாமல் ஏழு நாளும் அடித்தது என்றுதான் நமக்குப் பொருள். மூன்று நாள் வாந்தி எடுத்தவர் இதற்கும் ‘இல்லை’ என்றே சொல்லக்கூடும்.

இழப்பு சிறியதல்ல. இந்தத் தாளில் குமட்டல், வாந்தி இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை பதில். இரண்டையும் சேர்த்து 0 முதல் 100 வரையான அளவுக்கு மாற்றுவார்கள். இரண்டிலும் 3 என்று குறித்திருந்தால் அவருக்குச் சுமார் 67 வரும். இரண்டிலும் 1 என்றால் பூஜ்யம். மருந்து அவரை ஒன்றும் செய்யவில்லை என்று தாள் சொல்லும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடும் முறை ஒன்று இருக்கிறது. இந்தப் பிழை அதில் எளிதில் தப்பிவிடும்; ‘கடந்த வாரம்’ ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அச்சு அசலாகவே தெரியும். நோயாளிகள் சிலரை உட்காரவைத்து, ‘எந்தக் கிழமையிலிருந்து கணக்குப் போட்டீங்க?’ என்று கேட்டால்தான் பிடிபடும். ஞாயிறு என்பார் ஒருவர், போன வெள்ளி என்பார் இன்னொருவர்.

என் பார்வையில் பழுதில்லாதது ‘இன்றோடு சேர்த்து, கடந்த ஏழு நாட்களில்’ என்பதே. ‘-இல்’ என்ற உருபு வந்ததும் இடையில் ஒரு நாள் இருந்தாலும் கணக்கில் சேரும். கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டுவதாக இருந்தால், ஆய்வுக்குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விளக்கமாகக் கிழமையையும் சொல்லலாம்: ‘இன்னைக்கு வியாழன், போன வெள்ளியிலிருந்து இன்னைக்கு வரைக்கும்.’ அச்சுத் தாளில் கிழமை போட வழியில்லை. ஆனால் காலத்தை மேலே ஒருமுறை தலைப்பாகப் போட்டு விட்டுவிடாமல், பக்கம் மாறும் இடத்திலெல்லாம் மறுபடி அச்சிடலாம். பத்துக் கேள்வி தாண்டியவர் மேலே திரும்பிப் பார்ப்பது அரிது.