கூட்டுத்தொகை சரி, கணக்கு சரியா?

32 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எக்ஸெல் கோப்பில் Apr முதல் Mar வரை மாதத்துக்கு ஒரு ஷீட். தேதி, வவுச்சர் எண், செலவுத் தலைப்பு, தொகை என்று ஒவ்வொன்றிலும் நான்கு பத்திகள். கடைசியாக Summary என்றொரு ஷீட், அதில் லிஃப்ட், மின்சாரம், காவலர் சம்பளம் என்று தலைப்புவாரியாக, மாதவாரியாகச் செலவுகளை SUMIF கூட்டித் தருகிறது. பொதுக்குழுவில் எல்லோர் கையிலும் போய்ச் சேர்வது இந்த ஒரு பக்கம்தான்.

இந்த எடுத்துக்காட்டில் அந்தப் பக்கம் காட்டும் மொத்தச் செலவு ரூ.8,41,300. அது சரிதானா என்று பார்க்க, தலைப்புகளைத் தொடாமல் மாத ஷீட்களில் உள்ள தொகைகளை நேராகக் கூட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு செல்லில் காட்டச் சொல்ல வேண்டும்.

```
=ROUND(N20-SUM(Apr:Mar!D3:D200),2)
```

N20 என்பது சுருக்கப் பக்கத்தின் மொத்தம். விடை பூஜ்யமாக வர வேண்டும், வந்ததோ –5,400. எங்கேயோ உதைக்கிறது. இதே சோதனையை மாதவாரியாகவும் போட்டுவைத்தால் 12 ஷீட்டையும் துழாவ வேண்டாம், ஜூலை மட்டும் தனியே தெரியும். அங்கே ஒருவர் ‘லிஃப்ட்’ என்பதற்குப் பதில் ‘லிப்ட்’ என்று அடித்திருக்கிறார். நாம் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடுவோம். SUMIF-க்கு அவை வேறு வேறு, அந்த ரூ.5,400 எந்தத் தலைப்பிலும் சேராமல் போய்விட்டது.

திருத்தியதும் மொத்தம் ரூ.8,46,700, வித்தியாசம் பூஜ்யம். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, ஏனென்றால் இதுவரை ஒப்பிட்ட இரண்டு தொகைகளும் ஒரே பத்தியிலிருந்து வந்தவை. பத்தியிலேயே பிழை இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பாகும், சோதனை செல் கூசாமல் பூஜ்யம் காட்டும். ஆகவே இன்னொரு தொகை கோப்புக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இந்தச் சங்கத்தில் வரவு, செலவு எல்லாமே வங்கி வழியாகத்தான். மாறாத காசோலையும் எதுவும் பாக்கி இல்லை. தொடக்க இருப்பு ரூ.2,15,400. வீட்டுக்கு மாதம் ரூ.2,500 வீதம் வந்த பராமரிப்புத் தொகை ரூ.9,60,000. செலவைக் கழித்தால் ரூ.3,28,700 இருக்க வேண்டும். பாஸ்புக்கில் இருப்பது ரூ.3,26,250.

குறைவது ரூ.2,450. வங்கியில் போன பணம் நம் கூட்டலில் ஏறவில்லை என்று பொருள். ஆனால் நவம்பர் ஷீட்டைத் திறந்தால் பிளம்பருக்குக் கொடுத்த 2,450 கண்ணுக்கு நேராக நிற்கிறது. வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது அது எண்ணாக வராமல் எழுத்தாக வந்துவிட்டது. அப்படி வந்ததை SUM-ம் சேர்க்காது, SUMIF-ம் சேர்க்காது, பிழை என்றும் சொல்லாது. இதைப் பிடிக்க ஒவ்வொரு மாத ஷீட்டிலும் இன்னொரு சோதனை வேண்டும்.

```
=COUNTA(D3:D200)-COUNT(D3:D200)
```

முதல் பாதி நிரம்பிய செல்களை எண்ணும், அடுத்தது எண் உள்ளவற்றை மட்டும் எண்ணும். பூஜ்யம் இல்லாவிட்டால் எழுத்து ஒன்று எண் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தொகையைப் போலவே எண்ணிக்கையும் ஒரு சாட்சிதான். பொருளாதார அறிஞர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் 2010இல் வெளியிட்ட அரசுக் கடன் பற்றிய புகழ்பெற்ற ஆய்வில் ஒரு சராசரி ஃபார்முலா 20 நாடுகளின் வரிசைகளில் 15ஐ மட்டுமே தொட்டிருந்தது. 2013இல்தான் அது வெளியே தெரிந்தது. எத்தனை வரிசை உள்ளே போயின என்று பக்கத்தில் ஒரு செல் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

Apr:Mar என்ற ஃபார்முலாவிலும் ஒரு பொறி உண்டு. அந்த இரண்டு ஷீட்டுக்கும் இடையில் இருப்பவை மட்டுமே அதில் சேரும். யாராவது ஆகஸ்டை Mar-க்குப் பின்னால் இழுத்துவிட்டால் அந்த மாதமே கழன்றுவிடும்.

இந்தச் சோதனை விடைகளையெல்லாம் Check என்ற ஷீட்டில் B2 முதல் B5 வரை திரட்டி, ஒரே செல்லில் முடிவைக் காட்டலாம்.

```
=SUMPRODUCT(ABS(B2:B5))
```

ABS இல்லாவிட்டால் ஓரிடத்தில் 500 கூடியதும் இன்னோரிடத்தில் 500 குறைந்ததும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். வித்தியாசம் வந்ததும் ‘இதர செலவு’ என்று ஒரு வரி போட்டுப் பூஜ்யமாக்குகிறவர்களும் உண்டு. அது தெரிந்தே செய்யும் பொய்.

எல்லாம் பூஜ்யமான பிறகும், லிஃப்ட் செலவை மின்சாரத் தலைப்பில் போட்டிருந்தால் எந்தச் செல்லும் சொல்லாது. அதற்கு வவுச்சரைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் சங்கத்தின் கணக்கு அடுத்த முறை பொதுக்குழுவுக்கு வரும்போது மொத்தத்தோடு நிற்காமல், வங்கி இருப்போடு ஒத்துப்பார்த்த செல் எங்கே என்று கேளுங்கள்.